முகவரி தப்பினால் விளம்பரக் கடை: பிரைவேட் டிஎன்எஸ்ஸோடு இரண்டு வருடம்

பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தபோது எடுத்த இணைப்பு இது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை நாளில்கூட அறுந்து போனது இரண்டு மூன்று முறைதான். குறை வேறொரு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானில்லை, அப்பா.

கரண்ட் பில் கட்ட போனில் முகவரியைத் தட்டும்போது ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். அப்படி ஒரு தளமே இல்லையென்றால் குரோமில் `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்று ஒரு சாம்பல் நிறப் பக்கம் வரவேண்டும். அவருக்கு வந்தது இணைய நிறுவனத்தின் சின்னம் போட்ட ஒரு தேடல் பக்கம். அதில் வரிசையாக 'பில் கட்ட இங்கே' வகை விளம்பரங்கள். "சைட்டை மாத்திட்டாங்க போல இருக்குடா" என்று முதல் விளம்பரத்தைத் தொடப்போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நடப்பது இதுதான். நாம் தட்டும் பெயருக்கு உரிய ஐபி முகவரியை போன் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பெயர் இல்லையென்றால் 'இல்லை' என்பதற்கான NXDOMAIN பதில் வரவேண்டும். எங்கள் நிறுவனத்தின் சர்வர் அந்த 'இல்லை'யை விழுங்கிவிட்டு, 'இருக்கிறதே' என்று தன்னுடைய விளம்பர சர்வரின் ஐபியைக் கொடுத்தது. இல்லாத தெருவின் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால், ஓட்டுநர் தன் மச்சான் கடை வாசலில் இறக்கிவிடுவது மாதிரி.

எல்லா நேரமும் அந்தப் பக்கம் வராது என்பதால்தான் இது பலர் கண்ணில் படுவதில்லை. இப்போதைய குரோம் நாம் தட்டும் முகவரியை முதலில் https வழியாகத்தான் முயலும். அந்தத் தப்பான பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கும் சான்றிதழைக் காட்ட விளம்பர சர்வரால் முடியாது. அதனால் சற்றுத் தடுமாறி, http-க்கு இறங்கிய பிறகே பக்கம் திறக்கும். வாட்ஸப்பில் வந்த https லிங்க்கில் எழுத்துப் பிழை இருந்தால், தேடல் பக்கத்துக்குப் பதில் பாதுகாப்பு எச்சரிக்கையோ, இணைக்க முடியவில்லை என்ற செய்தியோ வரும். தளம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

விளம்பரத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். என்னை உட்கார வைத்தது பிரிண்டர். மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறார். போனிலிருந்தே வினாத்தாள் அச்சடிப்பார். பிரிண்டரை `printer.home` என்ற பெயரில் சேர்த்து வைத்திருந்தேன். ரவுட்டரை மாற்றிய பிறகு புது ரவுட்டருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. கேள்வியை வெளியே அனுப்பியது. 'இல்லை' என்று பதில் வந்திருந்தால் ஆப் உடனே 'பிரிண்டரைக் காணவில்லை' என்றிருக்கும், நானும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பேன். வந்ததோ விளம்பர சர்வரின் ஐபி. ஆப் அதைப் பிரிண்டர் என்று நம்பி 'இணைக்கிறது... இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. மை தீர்ந்ததா, கேபிளா, வைஃபையா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். பொய்ப் பதிலைப் படித்து 'ஓ, விளம்பரம்' என்று புரிந்துகொள்ள பிரவுசருக்குப் பின்னால் மனிதன் இருக்கிறான். மற்ற மென்பொருள்களுக்கு அந்த வசதி இல்லை.

இது பழைய வியாதிதான். 2003 செப்டம்பரில் .com, .net பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனமே, பதிவாகாத பெயர்களையெல்லாம் 'சைட் ஃபைண்டர்' என்ற தன் தேடல் பக்கத்துக்குத் திருப்பியது. அனுப்புநரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்து ஸ்பேமைத் தள்ளிக்கொண்டிருந்த மெயில் சர்வர்கள் குழம்பின. இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு கண்டிப்பாக நிறுத்தச் சொன்ன பிறகு, மூன்று வாரத்துக்குள் அக்டோபர் 4 அன்று மூடினார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தத் தேடல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இந்தச் சேவை வேண்டாம்' என்று ஒரு லிங்க் இருந்தது. அழுத்தினேன். அதன்பின் தப்பான முகவரிக்குப் பிழைப் பக்கம் வந்தது. ஆனால் குரோமின் பிழைப் பக்கம் போலவே இல்லை. லேப்டாப்பின் கமாண்ட் விண்டோவில் டிஎன்எஸ் சர்வரிடமே நேராகக் கேட்டுப் பார்த்தேன்:

```
nslookup www.vathakuzhambu7q3k.com
```

யாரும் பதிவு செய்திருக்க வாய்ப்பில்லாத பெயர். 'Non-existent domain' என்றோ NXDOMAIN என்றோ வரவேண்டும். எனக்கு அதே பழைய ஐபிதான் வந்தது. அவர்கள் செய்தது பிரவுசரில் ஒரு குக்கீ வைத்தது மட்டும்; டிஎன்எஸ் பொய் அப்படியே இருந்தது, பக்கம் மட்டும் பிழைப் பக்கம் போல வேஷம் போட்டது. பிரிண்டர் ஆப்புக்கு எந்தக் குக்கீ போய்ச் சேரும்? சோதிக்கும்போது www போட்டும் போடாமலும் இரண்டு முறை கேளுங்கள். சில இடங்களில் www-ல் தொடங்கும் பெயர்களுக்கு மட்டும் இந்த வேலை நடக்கும்.

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். "சார், ஸ்பீடு கரெக்டா வருதுல்ல?" என்றார்கள். வருகிறது என்றேன். புகாரை முடித்துவிட்டார்கள்.

அடுத்து ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை, கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பொது டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1 என்று மாற்றினேன். பெரும்பாலான வீடுகளில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை, தேடல் பக்கம் மறுபடி வந்தது. வழக்கமான டிஎன்எஸ் கேள்வி போர்ட் 53-ல் பூட்டில்லாமல் போகிறது. அதை வழியிலேயே மறித்து, 1.1.1.1 சொன்னதுபோல வேறொருவர் பதில் சொல்லிவிட முடியும். அப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது:

```
nslookup google.com 192.0.2.1
```

192.0.2.1 என்பது புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்கென்று ஒதுக்கிய எண். அங்கே எந்த சர்வரும் இருக்க முடியாது. கேட்டால் நேரம் கடந்து தோற்கவேண்டும். மொபைல் டேட்டாவில் அப்படித்தான் தோற்றது. வீட்டு இணைப்பிலோ டக்கென்று பதில் வந்தது! யாருமே இல்லாத வீட்டிலிருந்து "யாரு?" என்று குரல் வந்த கதை. மறிப்பது ரவுட்டரா நிறுவனமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, ஆனால் எண்ணை மாற்றிப் பயனில்லை என்பது உறுதி.

அப்போதுதான் போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தொட்டேன். ஆண்ட்ராய்ட் 9-லிருந்து, அதாவது 2018 முதல், இருக்கும் வசதி. செட்டிங்ஸில் தேடல் கட்டத்தில் `Private DNS` என்று தட்டினால் வந்துவிடும். ஒவ்வொரு கம்பெனி போனிலும் ஒவ்வொரு இடத்தில் ஒளித்திருப்பார்கள். உள்ளே மூன்று தேர்வுகள். பலரும் ஏமாறுவது `Automatic` விஷயத்தில். அது ஏற்கெனவே ஏதோ பாதுகாப்பு தருவதுபோலத் தெரியும். உண்மையில் அது நெட்வொர்க் கொடுத்த அதே டிஎன்எஸ் சர்வரிடம், முடிந்தால் பூட்டிய வழியில் கேட்கும், முடியாவிட்டால் பழையபடி திறந்த வழியில் கேட்கும். பொய் சொல்பவரிடமே ரகசியமாகக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது தேர்வில் நாமே சர்வரின் பெயரைக் கொடுக்கவேண்டும். எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, https:// சேர்க்கவும் கூடாது. நான் போட்டது அதே 1.1.1.1-இன் பெயர்:

```
one.one.one.one
```

கூகுளுடையது வேண்டுமென்றால் `dns.google`. இதன்பின் போன் போர்ட் 853 வழியாக டிஎல்எஸ் என்ற பூட்டிய இணைப்பு போட்டு, எதிரில் இருப்பவரின் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே கேள்வி கேட்கும். வழியில் மறிப்பவரால் இப்போது தடுக்கத்தான் முடியும், ஆள்மாறாட்டம் செய்ய முடியாது. மாற்றியதும் ஃப்ளைட் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள், பழைய பதில்கள் நினைவில் தங்கியிருக்கலாம். அன்றிரவே தப்பான முகவரிக்கு அந்தச் சாம்பல் நிறப் பக்கம் வந்தது. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு வருடத்தில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் நொடியில் மட்டும், புதிதாக இணைப்பு போடவேண்டியிருப்பதால், முதல் பக்கம் கொஞ்சம் யோசித்துத் திறக்கும்.

தொல்லை கொடுத்தது அதன் பிடிவாதம். பெயர் கொடுத்துவிட்டால், அந்த சர்வர் கிடைக்காதபோது போன் வேறு யாரிடமும் கேட்காது. `Private DNS server cannot be accessed` என்று நின்றுவிடும். ஒரு ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி போட்டு உள்ளே போன பிறகும் எதுவும் திறக்கவில்லை. போர்ட் 853 அங்கே அடைத்திருந்தது. `Automatic`-க்கு மாற்றினேன், வேலை செய்தது. திரும்ப மாற்ற மறந்து, பதினைந்து நாள் கழித்து வீட்டில் அந்தத் தேடல் பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு முறை என் தவறு. மாதச் சந்தா முடிந்துவிட்டால் எங்கள் நிறுவனம், எதைத் திறந்தாலும் 'பணம் கட்டுங்கள்' பக்கத்துக்குத் திருப்பிவிடும். என் போனில் அந்தத் திருப்பல் எடுபடவில்லை, நெட் செத்தது மட்டும்தான் தெரிந்தது. அரைமணி நேரம் டிஎன்எஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவிதான் கேலண்டரைக் காட்டினார்.

பிரிண்டருக்கு இது நேரடித் தீர்வில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெளியே இருக்கும் சர்வருக்கு என் வீட்டுப் பெயர்கள் எப்படித் தெரியும்? ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான ஐபி ஒதுக்கி, ஆப்பில் அந்த எண்ணையே போட்டுவிட்டேன்.

வேறு எதையெல்லாம் இது செய்யாது என்பதும் இந்த இரண்டு வருடத்தில் புரிந்தது. எழுத்துப் பிழையான பெயரை யாராவது காசு கொடுத்துப் பதிவு செய்து வைத்திருந்தால் அந்தத் தளம் திறக்கத்தான் செய்யும். எந்த நெட்வொர்க்கிலும் அதே பக்கம் வந்தால் விஷயம் அதுதான். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது நிறுவனத்திடமிருந்து முழுக்க மறைவதும் இல்லை. https இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும்படிதான் போகிறது. என் கேள்விகளையெல்லாம் இப்போது வேறொரு பெரிய நிறுவனம் பார்க்கிறது என்பதும் உண்மை. தங்கையின் ஐபோனில் இப்படிப் பெயர் போடும் கட்டமே இல்லை, அதற்குத் தனி ஆப்போ ப்ரொஃபைலோ வேண்டும். டிவி இன்னும் பழைய வழியில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது; அதில் யாரும் முகவரி தட்டுவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அப்பா போனிலும் போட்டுக் கொடுத்தேன். இப்போது எழுத்து மாறினால் சாம்பல் நிறப் பக்கம் வருகிறது, உடனே "நெட்டு போச்சுடா" என்று போன் வருகிறது. வாட்ஸப் கால் என்பதைச் சுட்டிக்காட்டினால் கோபித்துக்கொள்கிறார்.