எண் சரி, கணக்கு தப்பு: கடன் ஒப்பந்த மொழிபெயர்ப்பில் எண் சரிபார்ப்பு வசதி

மொழிபெயர்ப்பு மென்பொருள் எதை எடுத்தாலும் எண் சரிபார்ப்பு என்று ஒரு வசதி இருக்கும். மூல வாக்கியத்தில் உள்ள இலக்கங்கள் தமிழ் வாக்கியத்திலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, இல்லையென்றால் சிவப்புக் கோடு போடும். பல வருடங்களாகச் சர்வதேசக் கடன் ஒப்பந்தங்களுக்கு இதைப் பயன்படுத்துகிறேன். வட்டிப் பிரிவிலும் தவணை அட்டவணையிலும் உதவியாகத்தான் இருக்கிறது. கடன் வாங்கியவர் உரிய நாளில் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று சொல்லும் தவறுகைப் பிரிவில் மட்டும் அதை நம்பி உட்கார முடியாது.

முதலில் அது நன்றாகச் செய்யும் வேலை. தவணை அட்டவணையில் எட்டு வரி இருந்தால், ஒரு தேதியோ தொகையோ விட்டுப் போனால் உடனே காட்டிவிடும். ஆனால் 12,000,000 என்பதை நம் வழக்கப்படி 1,20,00,000 என்று காற்புள்ளி மாற்றிப் போட்டால் அதையும் பிழை என்கிறது. அட்டவணை முழுக்க இப்படிப் பொய் எச்சரிக்கை வந்தால், நிஜமான எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் இலக்கத்தை மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, எழுத்தால் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் ‘ஒரு கோடியே இருபது லட்சம்’ என்று எழுதுகிறேன்.

வட்டிச் சூத்திரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
I = P × R × D / 360
```

I வட்டி, P கடன் தொகை, R ஆண்டு வட்டி விகிதம், D நாட்கள். இந்த எழுத்துகளைத் தமிழாக்காமல் அப்படியே பூட்டிவைப்பதுதான் நல்லது. சூத்திரம் படமாக ஒட்டப்பட்டிருந்தால் மென்பொருளின் கண்ணுக்கே படாது, அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். அப்புறம், சிக்கல் சூத்திரத்தைவிட அதற்குக் கீழே வரும் விளக்கத்தில்தான் அதிகம். ‘D: காலத்தின் முதல் நாளைச் சேர்த்து, கடைசி நாளை விட்டு எண்ணிய நாட்கள்’ என்பதில் ‘விட்டு’ நழுவினால் எந்த இலக்கமும் மாறாது. சிவப்புக் கோடும் வராது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கடன் 12,000,000 டாலர். டாலர் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் சோஃபர் விகிதம் 4.30%, அதன்மேல் கடன் கொடுப்பவர் கூட்டும் மார்ஜின் 2.25%, ஆக வட்டி 6.55%. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, கடைசி நாளை விட்டால், 92 நாள். வட்டி 200,866.67 டாலர். கடைசி நாளையும் சேர்த்து 93 என்று எண்ணினால் 2,183.33 டாலர் கூடிவிடும். 360-க்குப் பதில், வருடத்துக்கு 365 நாள்தானே என்று யாராவது ‘திருத்தி’ வைத்தால் 198,115.07 ஆகக் குறையும். டாலர் கடனில் 360, பவுண்டு கடனில் 365 என்பது சந்தை வழக்கம். அதைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை.

இனி தவறுகை வட்டி. செலுத்தாத தொகைக்கு, வழக்கமான விகிதத்தைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதல் என்று ஒப்பந்தம் சொல்கிறது. 1,500,000 டாலர் தவணை 10 நாள் தாமதமானால் 8.55% விகிதத்தில் 3,562.50 டாலர் வரும். ‘வழக்கமான வட்டியில் 2 சதவீதம் கூட்டி’ என்று எழுதிவிட்டால், 6.55-இல் 2 சதவீதம் என்று பொருள் கொண்டு விகிதம் 6.681% ஆகலாம், தொகை 2,783.75-ஆக இறங்கும். ‘செலுத்தாத தொகைக்கு’ என்பது ‘கடன் தொகைக்கு’ என்று ஆனாலோ 28,500 டாலர்! மூன்று வாக்கியத்திலும் இருக்கும் இலக்கம் அதே 2தான். மென்பொருள் மூன்றுக்கும் பச்சைக் கொடி காட்டும்.

இதற்காக இப்போது நான் செய்வது, மூலத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ்ப் பிரதியை மட்டும் பார்த்து எக்செல்லில் ஒரு காலத்துக்கான வட்டி, எல்லாத் தவணைகளின் கூட்டல், ஒரு தாமதம் ஆகியவற்றைக் கணக்கிடுவது. பிறகு மூலத்தைப் பார்த்துத் தனியாக அதே கணக்கு. இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துவர வேண்டும். என்னைவிடக் கணக்குத் துறையில் இருக்கும் ஒருவர் தமிழ்ப் பக்கக் கணக்கைப் போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் எனக்கு மூலம் மனதில் இருக்கும், தமிழில் இல்லாததையும் நானே நிரப்பிப் படித்துவிடுவேன்.

இந்த முறைக்கும் அகப்படாத ஒன்று உண்டு: விடுமுறையில் விழும் தவணைத் தேதி. அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும், ஆனால் அது அடுத்த மாதத்துக்குப் போய்விட்டால் முந்தைய வேலை நாளுக்கு இழுக்க வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். 2025 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. இந்த விதிப்படி பணம் 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கட்டியாக வேண்டும். விதியின் பின்பாதி தமிழில் விட்டுப்போயிருந்தால், சாதாரண நாளில் விழும் தேதியை வைத்துப் போட்ட கணக்கில் அது தெரியாது. எனவே எக்செல் தாளில், மாதத்தின் கடைசி நாளே ஞாயிறாக வரும் ஒரு தேதியை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கிறேன்.