‘24 மணி நேரம்’ என்பதா, ‘ஒரு வேலை நாள்’ என்பதா?

புதிய பொது உதவி மின்னஞ்சல் முகவரியை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும்போது பலரும் தடுமாறுவது, எவ்வளவு நேரத்துக்குள் பதில் வரும் என்று சொல்லும் வரியில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும் அலுவலகத்துக்கு, வெள்ளி மாலை 5.30-க்கு ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள்.

24 மணி நேரம்: படித்ததும் புரியும். ஆனால் கெடு சனி மாலையே முடிந்துவிடும். பதில் எழுத ஆளிருக்காது.

ஒரு வேலை நாள்: கெடு திங்கள் மாலை 5.30. காப்பாற்றலாம், ஆனால் வேலை நேரத்தையும் விடுமுறையையும் அருகிலேயே குறிப்பிட வேண்டும்.

எதுவானாலும், இது முதல் பதிலுக்கான கெடு, தீர்வுக்கானதல்ல என்று எழுதிவிடுங்கள். சச்சரவு தொடங்குவதே அங்குதான். ஆர்டர் எண், பிழைச் செய்தியின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வார இறுதியிலும் முறைவைத்து ஆளிருந்தால் முதலாவது, இல்லையென்றால் இரண்டாவதுதான்.