போட்டோவில் வந்த கிராஃப்: சாய்வைக் கட்டம் எண்ணி எடுப்பதா, கிளிக் செய்து எடுப்பதா?

பிள்ளைகள் இயற்பியல் ரெக்கார்டை போனில் போட்டோ எடுத்து அனுப்பி, சாய்வு சரியா என்று கேட்பார்கள். பார்த்துச் சொல்ல இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படத்தைப் பெரிதாக்கி, புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, தாளில் அச்சாகியிருக்கும் கட்டங்களை எண்ணிப் படிப்பது. இன்னொன்று, WebPlotDigitizer மாதிரி ஒரு கருவியில் படத்தை ஏற்றி, இரண்டு அச்சுகளிலும் மதிப்பு தெரிந்த இடங்களைக் கிளிக் செய்து அளவைச் சொல்லிவிட்டு, புள்ளிகளையும் கிளிக் செய்து, கிடைத்த எண்களுக்கு எக்செல்லில் SLOPE போடுவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் கட்டம் எண்ணுவதில் நின்றுவிட்டேன்.

வேகம், சுத்தம், தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எல்லாம் கருவி பக்கம்தான், அதில் பேச ஒன்றுமில்லை. என் முடிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்று: போட்டோ சாய்ந்திருப்பது.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். கிடை அச்சில் நீளம் L, 1 செ.மீ.க்கு 0.1 மீட்டர். நிலை அச்சில் T², 1 செ.மீ.க்கு 0.5 s². சாய்வு 4π²/g, அதாவது 4.03 பக்கம் வர வேண்டும். மேசையில் கிடக்கும் நோட்டை உட்கார்ந்தபடியே எடுத்தால் தாளின் மேல்பகுதி கேமராவுக்குத் தூரமாகப் போய்விடும், அங்கே கட்டங்கள் சிறுத்துத் தெரியும். T² = 5 என்ற உயரத்தில் பத்துக் கட்டம் படத்தில் பிடிக்கும் அகலத்தைவிட, அடியில் அதே பத்துக் கட்டம் 1.1 மடங்கு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ இவ்வளவு சாய்ந்திருப்பது கண்ணுக்குப் பெரிதாக உறுத்தாது. ஆனால் அச்சில் சுழியத்தையும் முனையையும் மட்டும் கிளிக் செய்து அளவு சொன்னால், நடுவில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்றே கருவி எடுத்துக்கொள்ளும். ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டின் சாய்வு அப்போது அதே 1.1 மடங்கு ஏறிவிடும். 4.03 இருக்க வேண்டிய இடத்தில் 4.43, g-க்கு 9.8 வர வேண்டிய இடத்தில் 8.9.

இதில் மோசமான விஷயம், தப்பு வெளியே தெரியவே தெரியாது. சாய்ந்த போட்டோவிலும் நேர்கோடு நேர்கோடாகத்தான் இருக்கும், அதனால் புள்ளிகள் கோட்டில் அழகாக உட்காரும், R² 0.99-க்கு மேல் காட்டும், பையன் ஊசலைச் சரியாக ஆட்டவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

கட்டம் எண்ணும்போது இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் புள்ளி நகரும்போது அதைச் சுற்றியுள்ள கட்டமும் சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. போன் எடிட்டரிலேயே ஒரு கோடு இழுத்து, மேலும் கீழும் புள்ளிகள் சமமாகச் சிதறும்படி வைத்து, அந்தக் கோட்டின் மேல் தூரமாக இரண்டு இடங்களைப் படிக்கிறேன். (0.20, 0.80), (1.10, 4.45) என்று வந்தால் சாய்வு 3.65/0.90, அதாவது 4.06. g 9.7. இங்கே தூரம் ரொம்ப முக்கியம். ஒரு சிறு கட்டம் 0.05 s², ஒவ்வொரு முனையிலும் அரைக் கட்டம் பிசகினாலும் 3.65-ல் 0.05 தான், ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதையே 0.6, 0.8 மீட்டரில் படித்திருந்தால் ஏற்றம் 0.8 தான், அதே பிசகு ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்புறம், படிப்பது கோட்டின் மேல் உள்ள இடமாக இருக்க வேண்டும், அளந்து குறித்த புள்ளியாக இருக்கக் கூடாது.

கருவிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் ஸ்கேனர் ஆப்பில் தாளின் நான்கு மூலைகளையும் பிடித்துப் படத்தை நேராக்கிவிடுங்கள். அளவு சொன்ன பிறகு, அச்சுகளிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கட்ட மூலையை, உதாரணமாக (1.0, 4.0)-ஐக் கிளிக் செய்து பாருங்கள். நான் மேலே சொன்ன அளவுக்குப் போட்டோ சாய்ந்திருந்தால் அது (0.93, 4.07) என்று காட்டும். அப்படி வந்தால் திரும்ப நேராக்க வேண்டியதுதான். நோட்டின் நடுமடிப்பில் தாள் வளைந்திருந்தால் கோடும் வளைந்துவிடும், அப்போது மூலை பிடித்து நேராக்குவதும் கைகொடுக்காது, நான் இழுக்கும் கோடும் செல்லாது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கட்டம் எண்ணிப் படித்து SLOPE-இல் போடுவதுதான் வழி.

எனக்கு வருவதெல்லாம் ஆறேழு புள்ளி உள்ள கிராஃப்கள், அதை வைத்துத்தான் சொல்கிறேன். சென்சாரிலிருந்து நூறு புள்ளி வந்து கட்டமே இல்லாத வெள்ளைத் தாளில் அச்சான படம் என்றால் எண்ண ஏது கட்டம், அங்கே நேராக்கிய படமும் கருவியும்தான். லாக் தாளில் நான் அதிகம் படித்ததில்லை, அதனால் அதற்கும் இதே முடிவுதான் என்று சொல்ல மாட்டேன்.