‘வடமாநிலத்தவர்’, ‘புலம்பெயர் தொழிலாளர்’, இல்லையென்றால் நீட்டி எழுதுவது: ஆய்வறிக்கைக்கு எது?

நூற்பாலை, பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். வெளி மாநிலங்களிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களை என்னவென்று எழுதுவது? எங்கள் குழுவில் மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. நான் மூன்றாவதின் பக்கம் நின்றேன், இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லமாட்டேன்.

‘வடமாநிலத்தவர்’ என்பதைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். அது யாரையாவது புண்படுத்துமா என்ற விவாதத்துக்குப் போகும் முன்பே, தகவலாகவே அது தவறு. 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டம் வகுத்த மண்டலங்களின்படி பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் நான்கும் கிழக்கு மண்டலம். உத்தரப் பிரதேசம் மத்திய மண்டலம். அசாம் வடகிழக்குக் குழுவில் இருக்கிறது. நம் ஊர் ஆலைகளுக்கு ஆள் வருவதாக வழக்கமாகச் சொல்லப்படும் மாநிலங்களில் ஒன்றுகூட வடக்கு மண்டலத்தில் இல்லை. டீக்கடையில் பேசும்போது யாரும் மண்டலப் பட்டியல் பார்ப்பதில்லை, சரி. ஆனால் அறிக்கையில் அந்தச் சொல் வந்தால், புவனேசுவரத்தில் உட்கார்ந்து படிக்கிறவர் தன் மாநிலத்துக்காரர்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

‘புலம்பெயர் தொழிலாளர்’ பார்க்க நாகரிகமாக இருக்கும். அரசு ஆவணங்களிலும் அதுதான் புழங்குகிறது. எங்கள் குழுவில் பலருக்கும் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். ஆனால் மரியாதையான சொல் என்பதாலேயே அது துல்லியமான சொல்லாகிவிடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கடைசியாக வசித்த இடத்தை விட்டு வேறிடம் வந்த எல்லோருமே புலம்பெயர்ந்தவர்கள்தான். அந்தக் கணக்கில் நாடு முழுக்க சுமார் 45 கோடிப் பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாநில எல்லையைத் தாண்டாதவர்கள். இடம் மாறியதற்கு அதிகம் பேர் சொன்ன காரணம் திருமணம். திண்டுக்கல்லிலிருந்து கோவைக்கு மணமாகி வந்தவரும் இதில் உண்டு.

அதற்கு நேர்மாறாக, மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் குறுகலாக இருந்தது. ஒரு மாநிலத்தில் காண்ட்ராக்டர் மூலம் ஆளெடுக்கப்பட்டு இன்னொரு மாநிலத்தில் வேலைக்கு வந்தவர் மட்டுமே அதில் அடங்கினார். தானாக ரயிலேறி வந்து ஆலை வாசலில் வேலை கேட்டவர் அந்த வரையறைக்கு வெளியே இருந்தார். 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் தானாக வந்தவரையும் சேர்த்துக்கொண்டது, அதிலும் ஒரு சம்பள உச்சவரம்பு வைத்து. ஆகவே ‘புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கவில்லை’ என்று ஒருவர் எழுதினால், ஆலை நிர்வாகம் ‘எந்த வரையறைப்படி?’ என்ற ஒரே கேள்வியில் அந்த வாக்கியத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம்.

மூன்றாவது வழி, நீட்டி எழுதுவது. ‘தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து, கணக்கெடுத்த நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் இங்கு வந்து, காண்ட்ராக்டர் மூலம் ஆலையில் சேர்ந்தவர்கள்.’ படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்ள எனக்குப் பெரிய காரணம் ஒன்றுதான் உண்டு: மங்கலான பெயர், காரணத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

கணக்குக்காக ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். வெளி மாநிலத்தவர் 200 பேர், உள்ளூர்க்காரர்கள் 200 பேர். ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டவர்கள் முன்னதில் 76, பின்னதில் 52. அதாவது 38 சதவீதமும் 26 சதவீதமும். உடனே கை தானாக எழுதும்: ‘வெளி மாநிலத் தொழிலாளர்கள் வேலையில் நிலைப்பதில்லை.’ எண் பொய் சொல்லவில்லை. ஆனால் இருபுறமும் யார் மூலம் சேர்ந்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள். வெளி மாநிலத்தவரில் 120 பேர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், அவர்களில் விட்டவர் 60. நேரடியாகச் சேர்ந்த 80 பேரில் விட்டவர் 16. உள்ளூர்க்காரர்களில் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் 40 பேர்தான், விட்டவர் 20. நேரடியாகச் சேர்ந்தவர் 160, விட்டவர் 32. காண்ட்ராக்டர் ஆட்களில் எந்த ஊர்க்காரரானாலும் பாதிப் பேர் விடுகிறார்கள். நேரடி ஆட்களில் எந்த ஊர்க்காரரானாலும் ஐந்தில் ஒருவர் விடுகிறார். பிறந்த மாநிலத்துக்கு இதில் வேலையே இல்லை. காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்களின் பங்கு ஒரு பக்கம் கூடுதல், அவ்வளவுதான்.

களத்தில் எண்கள் இத்தனை சுத்தமாக வராது. பிரித்த பிறகும் மாநிலத்தால் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சலாம், மிஞ்சினால் அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் பிரிக்காமல் எழுதிய வாக்கியத்தைப் படித்த மேலாளர் உள்ளூர் ஆட்களைத் தேடுவார். பிரித்து எழுதியதைப் படித்தவர் சம்பளம் யார் கையால் போகிறது, முன்பணம் யாரிடம் வாங்கியது என்று கேட்பார். பாகுபாடற்ற நடை என்பதை நல்ல பழக்கமாக மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். முதல் வாக்கியம் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் குணத்தை ஏற்றுகிறது, கூடவே ஆய்வாகவும் தோற்றுப்போகிறது.

இந்த வழிக்கு விலை உண்டு. எழுதும் மேசையில் வந்து துல்லியத்தைச் சேர்க்க முடியாது, கேள்வித்தாளிலேயே இருக்க வேண்டும். எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள், யார் மூலம் சேர்ந்தீர்கள், சம்பளம் யார் தருகிறார் என்ற நான்கு கேள்விகளாவது தேவை. இதைக் கேட்காமல், இந்தி பேசினார் என்பதை வைத்தோ ஆதார் முகவரியை வைத்தோ பிற்பாடு ஊகித்துக் கட்டம் நிரப்பினால் நீளமான பெயர் வெறும் வேடம்தான்.

இன்னொரு தொல்லை, பெயர் நழுவுவது. வரையறையை இரண்டாம் அத்தியாயத்தில் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். முடிவுரைக்கு வரும்போது இடம் போதாமல் ‘வடமாநிலத்தவர்’ திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். பத்திரிகைக்காரர் படிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். கோப்பில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வந்த இடத்திலெல்லாம், அந்த வாக்கியத்தின் சதவீதம் எத்தனை பேரில் எடுக்கப்பட்டது, அந்த எண்ணுக்கும் இந்தப் பெயருக்கும் ஒரே ஆட்கள்தானா என்று சரிபார்க்க வேண்டும். நீளம் உறுத்தினால் வரையறையை ஒருமுறை முழுதாகச் சொல்லி, ‘காண்ட்ராக்டர் வழி வந்தோர்’ என்று சுருக்கி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளலாம்.

செய்தித்தாள் தலைப்புக்கு இதெல்லாம் சரிப்படுமா என்றால், அந்த வேலை நான் பார்த்ததில்லை. அங்கே ‘வெளி மாநிலத் தொழிலாளர்’ போதும் என்று தோன்றுகிறது, திசையையாவது தப்பாகச் சொல்லாது. கட்டட வேலை பற்றியும் என் அனுபவம் குறைவுதான். அங்கே மேஸ்திரிக்குக் கீழ் மேஸ்திரி என்று அடுக்கு போவதால், ‘யார் மூலம்’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைப்பதே கடினம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் பிடித்த வழியே எல்லை மீறும் இடமும் ஒன்று உண்டு. ஓர் ஆலையின் ஒரு பிரிவில் மணிப்பூர்க்காரர்கள் மூன்றே பேர் என்றால், மாநிலம், பிரிவு, வயது மூன்றையும் அட்டவணையில் போட்டதும் அவர்கள் யார் யார் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். விடுதியைப் பற்றி அவர்கள் சொன்ன குறையும் சேர்ந்தே தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை நாங்கள் ‘பிற மாநிலங்கள்’ என்று சேர்த்துவிட்டு, அப்படிச் சேர்த்ததை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுகிறோம்.