தயிர் கேக்கில் சோடாவா, பேக்கிங் பவுடரா, இரண்டுமா?

முட்டை சேர்க்காத தயிர் கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் கெட்டித் தயிர். இதை உப்பவைக்க மூன்று வழிகள் உண்டு: அரை டீஸ்பூன் சமையல் சோடா மட்டும், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் மட்டும், அல்லது கால் டீஸ்பூன் சோடாவோடு ஒரு டீஸ்பூன் பவுடர். கால் டீஸ்பூன் சோடா கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் பவுடருக்குச் சமம் என்பதால், மூன்றிலும் உப்பும் அளவு ஒன்றுதான். நிறமும் ருசியும்தான் மாறும்.

சோடாவுக்கு வேலை செய்யப் புளிப்பு வேண்டும். ஒரு கப் புளித்த தயிர் சுமார் அரை டீஸ்பூன் சோடாவைச் சரிக்கட்டும். அதனால் முதல் வழியில் தயிரின் புளிப்பு ஏறக்குறைய முழுவதும் போய், கேக் நன்றாகச் சிவக்கும். ஆனால் கலந்த உடனே நுரை கிளம்பிவிடும்; ஓவன் சூடாகும்வரை மாவு காத்திருந்தால் காற்று பாதி போய்விடும். தயிர் அன்று காலை உறைந்த இளந்தயிராக இருந்தால் இன்னொரு சிக்கல்: புளிப்பு போதாமல் சோடா மிஞ்சும். உள்ளே மஞ்சள் படிந்து, நாக்கில் சோப்பு போலக் கசந்தால் அதுதான் காரணம்.

பவுடரில் சோடாவோடு அதற்கு வேண்டிய புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் தயிரின் புளிப்பு பெருமளவு அப்படியே தங்கிவிடும். கேக் வெளுத்திருக்கும், புளிப்பு தூக்கலாகத் தெரியும். எலுமிச்சைத் தோல் துருவிப் போட்ட கேக்குக்கு அது பொருந்தும். வெனிலா கேக்குக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

என் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான். சோடா பாதிப் புளிப்பை அடக்கி நிறம் கொடுக்கும், பவுடர் ஓவன் சூட்டில் மறுபடி உப்பவைக்கும். தயிர் இளசாக இருந்தாலும் கால் டீஸ்பூன் சோடா மிஞ்சுவது அபூர்வம். ரொம்பப் புளித்த தயிர் என்றால் சோடாவை இன்னொரு சிட்டிகை கூட்டலாம். இரண்டையும் கண்ணளவில் அள்ளிப் போடுவதுதான் ஆபத்து: கேக் வேகமாக எழும்பி, வெந்து நிற்பதற்குள் நடுவில் குழிந்துவிடும்.

அப்புறம், மோர். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பட்டர்மில்க் கெட்டியானது, நல்ல புளிப்பு உள்ளது. நம் வீட்டு மோரில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்த ஊர் அளவுப்படி ஒரு கப் மோருக்கு அரை டீஸ்பூன் சோடா போட்டால் கசப்பு நிச்சயம். முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தால் பட்டர்மில்க்கை நெருங்கும். அப்போது மேலே சொன்ன மூன்றாவது அளவே போதும். நீர்மோர்தான் இருக்கிறது என்றால் சோடாவை விட்டுவிட்டு இரண்டு டீஸ்பூன் பவுடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.