வெட்டியதையும் விடாமல்: மாணவர் விடைத்தாள்களைத் தட்டெழுதிய மூன்று ஆண்டு அனுபவம்

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கின்றேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, எழுத்துக்கு எழுத்து கணினியில் தட்டெழுதி வைக்கும் பழக்கத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஆரம்பித்தேன். மாணவர் எங்கே தடுமாறுகின்றார் என்பதைச் சக ஆசிரியர்களுடன் உட்கார்ந்து பேசுவதற்கு அது தேவைப்பட்டது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை இவ்வாறு எழுதியுள்ளேன். அவற்றில் எனக்கு மிகுந்த சிரமத்தைத் தந்தவை இரண்டே விடயங்கள்: வினா இலக்கங்கள், வெட்டிய பகுதிகள். ஆயினும் மாணவரின் சிந்தனை வெளிப்படுவதும் அவ்விரண்டு இடங்களிலேதான் என்பதால், அவற்றைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகின்றேன்.

முதலாம் ஆண்டு முழுவதும் வேர்ட் மென்பொருளில் எழுதினேன். வெட்டிய சொற்களுக்கு நடுக்கோடு போட்டேன். இலக்கங்களை மென்பொருளே வரிசையாகப் போட்டுத் தந்தது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு நாள் அதிலிருந்து ஒரு விடையைப் பிரதி செய்து வாட்ஸப் குழுவில் இட்டபோது, "மாப்பொருளை அகற்ற பச்சையத்தை அகற்ற" என்று வந்து விழுந்தது. நடுக்கோடு என்பது எழுத்தன்று, எழுத்தின் மீது போர்த்திய தோற்றம் மட்டுமே. வெறும் உரையாக ஒட்டும்போது அது கழன்றுவிடும். வெட்டிய சொல் வெட்டாத சொல்லாக மாறிவிட்டது, அந்தப் பிள்ளை எழுதாத ஒரு விடை அவள் பெயரில் உருவாகிவிட்டது என்று எனக்கு மனம் உறுத்தியது. இலக்கங்களின் கதை அதைவிடப் பாரதூரமானது. மாணவர் 1, 3, 2 என்ற ஒழுங்கில் விடை எழுதியிருந்தால், தானியங்கி இலக்கமிடல் அதனை 1, 2, 3 என்று திருத்திவிடுகின்றது; இடையில் ஒரு வரியை நீக்கினால் கீழேயுள்ள அனைத்தும் நகர்ந்துவிடுகின்றன. எவ்வித எச்சரிக்கையும் வருவதில்லை என்பதால், பல நாட்களின் பின்னரே தவறு தெரியவரும்.

ஆகவே இரண்டாம் ஆண்டில் நோட்பேடுக்கு மாறினேன். கோப்பை யுடிஎப்-8 ஆகச் சேமித்து, அடையாளங்கள் அனைத்தையும் எழுத்தாகவே தட்டெழுதத் தொடங்கினேன். பாமினி எழுத்துருவில் பழகிய கைக்கு யுனிகோட் சற்றுக் கடினமாக இருந்தது. ஆனால் பாமினியில் எழுதிய "அம்மா" வெறும் உரைக் கோப்பில் `mk;kh` என்றே தெரியும் என்பதால் வேறு வழியிருக்கவில்லை.

நான் இன்று பின்பற்றும் முறை எளியது. ஒவ்வொரு விடைக்கும் முன்னர் ஒரு தலைப்பு வரி. அதில் மாணவர் எழுதிய இலக்கத்தை எழுதியபடியே முதலில் இடுவேன். அந்த விடை உண்மையில் எந்த வினாவுக்குரியது என்பதைத் தனியாக அடுத்து இடுவேன். இவ்விரண்டையும் ஒன்றாக்கக்கூடாது என்பதை ஒரு தாள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அது தரம் 11 மாணவி ஒருவரின் தாள். இலையில் மாப்பொருள் உண்டா என்று சோதிக்கும் பரிசோதனை பற்றியது 3ஆம் வினா. இலையை ஏன் முதலில் கொதிநீரில் இட வேண்டும், பின்னர் ஏன் மதுசாரத்தில் கொதிக்கவைக்க வேண்டும், மதுசாரத்தை ஏன் நேரடியாகச் சுவாலையில் சூடாக்காமல் கொதிநீருள்ள முகவையில் வைத்துச் சூடாக்க வேண்டும், அயடீன் இட்டதும் என்ன நிறம் தோன்றும் என்று நான்கு பகுதிகள். மாணவி இரண்டாம் பகுதியைத் தவறவிட்டு மூன்றாம் பகுதியின் விடையை எழுதி, அதற்கு `(ii)` என்று இலக்கமிட்டிருந்தார். பிழையை உணர்ந்ததும் ஒரு கோட்டைச் சேர்த்து அதனை `(iii)` ஆக்கினார். ஆனால் அதற்கு அடுத்த விடைக்கு ஏற்கெனவே `(iii)` என்று எழுதியிருந்ததை மாற்ற மறந்துவிட்டார். விடுபட்ட விடையைப் பக்கத்தின் அடியில் நெருக்கி எழுதி, ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். முதலில் இதைத் தட்டெழுதிய சக ஆசிரியர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, (i) முதல் (iv) வரை சீராக எழுதித் தந்திருந்தார். நல்லெண்ணத்துடன் செய்த வேலைதான். ஆனால் அதைப் படிப்பவருக்கு மாணவி தடுமாறியதே தெரியாது. மூலத்தை எடுத்துவைத்து நான் மீண்டும் எழுதியது இது:

```
# எழுதியது 3(i) | உரியது 3(i) | பக். 4
இலையின் கலங்களைக் கொல்வதற்காக
# எழுதியது 3([மேல்: ii > iii]) | உரியது 3(iii) | பக். 4
மதுசாரம் [வெட்டு: கொதிக்கும்] தீப்பற்றும் என்பதால்
# எழுதியது 3(iii) | உரியது 3(iv) | பக். 4
[வெட்டு: சிவப்பு] கருநீலம்
# எழுதியது 3(ii) | உரியது 3(ii) | பக். 4 அடி, அம்பு
[வெட்டு: மாப்பொருளை] பச்சையத்தை அகற்ற
```

`[வெட்டு: ]` என்பது மாணவர் கோடிட்டு அடித்தது. `[மேல்: ]` என்பது எழுதியதன் மீதே வேறொன்றாக மாற்றி எழுதியது. விடைகளைத் தாளில் உள்ள ஒழுங்கிலேயே வைக்கின்றேன். வினா ஒழுங்கில் படிக்க விரும்புபவர் `உரியது` என்பதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். இந்த நான்கு வரிகளை வகுப்பாசிரியர்களுடன் பேசியபோது, கடைசி வெட்டுத்தான் எங்களை அதிக நேரம் இருத்தியது. மதுசாரம் மாப்பொருளை அகற்றும் என்று நினைத்தவள், மாப்பொருள் போய்விட்டால் அயடீன் எதைக் காட்டும் என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். பரிசோதனையின் படிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கின்ற மாணவி என்பது அந்த ஒரு வெட்டிலிருந்தே தெரிந்தது. திருத்திய விடையை மட்டும் எழுதியிருந்தால் மனனம் செய்து எழுதியவளுக்கும் அவளுக்கும் வேறுபாடு இருந்திருக்காது.

தமிழில் எழுதும்போது வேறொரு சிக்கலும் உண்டு. மாணவர் பல வேளைகளில் ஒரு சொல்லை முழுதாக வெட்டாமல், ஓர் உயிர்க்குறியையோ புள்ளியையோ மட்டும் அடிப்பர். "ஒழித்தொகுப்பு" என்பதில் "ழி"யை மட்டும் வெட்டி மேலே "ளி" என்று எழுதுவது எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணம். எழுத்துக்குள்ளேயே அடைப்புக்குறியைப் போட முயன்றால், கணினியில் உயிர்க்குறி தன் மெய்யிலிருந்து பிரிந்து, புள்ளியிட்ட வட்டத்துடன் தனியே நிற்கும். "கொ" போன்ற எழுத்துகளில் மாணவர் முன் கொம்பை மட்டும் அடித்திருந்தாலும், திரையில் அந்தக் கொம்பைத் தனியே குறிக்க இயலாது, ஏனெனில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவே சேமிக்கப்படுகின்றன. இதற்காகச் சில மாதங்கள் வெவ்வேறு குறியீடுகளை முயன்று கைவிட்டு, குறிக்கும் மிகச்சிறிய அலகு முழுச் சொல் என்று முடிவு செய்தேன்: `[மேல்: ஒழித்தொகுப்பு > ஒளித்தொகுப்பு]`. சற்று நீளமானதுதான், ஆனால் தேடும்போது இரண்டு வடிவங்களும் அகப்படுகின்றன.

எதை வெட்டு என்று கொள்வது என்பதும் தாளைக் கையில் எடுத்தால்தான் விளங்கும். தென்மேல் பருவ மழை மாதங்களில் எங்கள் பகுதியில் தாள் ஈரலிப்பாக இருக்கும். மறுபக்கத்து எழுத்து ஊறித் தெரியும். அதன் கிடைக்கோடு இப்பக்கத்துச் சொல்லின் நடுவே விழுந்தால் அசல் வெட்டுப் போலவே தோன்றும். "சேர், இது வெட்டா, மறுபக்கமா?" என்று கேட்டுக்கொண்டு சக ஆசிரியை ஒருவர் ஒரு புகைப்படத்தை என்னிடம் காட்டியபோது என்னாலும் சொல்ல முடியவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தோம். அதே இடத்தில் மறுபக்கத்தில் ஓர் அட்டவணையின் கோடு இருந்தது. அன்றிலிருந்து ஐயமுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் மறுபக்கத்தைப் பார்ப்பது எனக்கு நிலையான படியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பைத் தந்தது கறுப்பு வெள்ளைப் பிரதி. ஒரு முறை திருத்தி முடித்த தாள்களைக் கடையொன்றில் போட்டோ கொப்பி எடுத்துவிட்டு, மூலங்களை மாணவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் மாணவரின் நீல மையும் என் சிவப்பு மையும் ஒரே கருமையாக இருந்தன. பிழையான விடையின் மீது நான் இழுத்த கோடு எது, மாணவர் தாமே இழுத்த கோடு எது என்று பிரிக்க வழியில்லை. அந்தப் பதினொரு தாள்களையும் பயன்படுத்தாமலே விட்டேன். இப்போது திருத்துவதற்கு முன்னரே, காலை வேளையில் யன்னலோரம் வைத்துக் கைத்தொலைபேசியால் வண்ணத்தில் படம் எடுக்கின்றேன். சுட்டெண்ணும் பெயரும் உள்ள மேற்பகுதியை மடித்துவிட்டு, என் சொந்தக் குறியெண் ஒன்றை எழுதிய காகிதத் துண்டை அதன் மீது வைப்பேன்.

கிறுக்கி அடித்த சொற்களைப் படிக்க முயல்வதில் ஓர் எல்லை வேண்டும். குமிழ்முனைப் பேனா தாளில் பள்ளம் பதிக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டால், முதலில் எழுதிய எழுத்தின் பள்ளம் சில வேளைகளில் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் ஊகிப்பதில்லை. `[வெட்டு: ??, 2 சொல்]` என்று அளவை மட்டும் குறிக்கின்றேன். பாதி தெரிந்தால் தெரிந்ததை எழுதி முடிவில் ஒரு `?` இடுகின்றேன். வெள்ளைத் திருத்த மை பூசிய இடத்துக்கு `[பூச்சு]`. விடை இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று ஆசிரிய மனம் உடனே நிரப்பிவிடும். அந்த உந்துதலை அடக்குவதே இந்த வேலையில் எனக்கு இன்றும் கடினமான பகுதி.

சரிபார்ப்புக்கு ஒரு வழியை மட்டும் நம்புகின்றேன். தட்டெழுதுவதற்கு முன்னர், படத்தைப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை வெட்டு உள்ளது என்று தனித்தாளில் எழுதிவைப்பேன். முடித்த பின்னர், உரையில் தேடித் தரும் `grep` கட்டளையால் கோப்பில் எண்ணுவேன்:

```
grep -o '\[வெட்டு:' thaal07.txt | wc -l
```

`grep -c` என்று எண்ணினால் வெட்டு உள்ள வரிகளின் எண்ணிக்கையே வரும். ஒரே வரியில் மூன்று வெட்டு இருந்தாலும் ஒன்றாகவே கணக்கிடும். இது தெரியாமல் முதல் சில தாள்களில் குழம்பினேன். இரண்டு எண்ணிக்கைகளும் ஒத்துவராதபோது, பெரும்பாலும் நான் தவறவிட்டது வாக்கியம் எதனையும் ஆரம்பிக்காமல் தனியே வெட்டிய ஓர் இலக்கமாகவே இருக்கும்.

எட்டுப் பக்கத் தாள் ஒன்றுக்குச் சரிபார்ப்புடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கின்றது. கணிதத் தாள்களுக்கு இம்முறை பொருந்தவில்லை. பின்னங்களுக்குள் வெட்டும் மாற்றமும் வரும்போது வரிவடிவம் தாங்காது. வரைபடங்களுக்கு `[படம், பக். 6]` என்று குறித்துப் புகைப்படத்தையே பார்க்கச் சொல்கின்றேன்.

இன்னும் தீராத இடம் ஒன்று உண்டு. மாணவர் முழு விடையையும் வெட்டிவிட்டு, இலக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, அதன் எதிரே எதுவும் எழுதாமல் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவார். அந்த இலக்கம் மீண்டும் வந்து எழுதுவதற்காக விட்டதா, வெட்ட மறந்ததா என்பது தாளிலிருந்து தெரிவதில்லை. அத்தகைய இடங்களில் `உரியது ?` என்று இட்டு, முடிந்தால் மறுநாள் வகுப்பில் அந்த மாணவரிடமே தாளைக் காட்டிக் கேட்கின்றேன். அவர் சொல்வதை விடையுடன் சேர்க்காமல், கோப்பின் அடியில் திகதியுடன் தனியாக எழுதிவைக்கின்றேன்.