முன் கண்ணாடி மாற்றிய பின்: பலகை வைத்து அளவீடா, வீதியில் ஓட்டி அளவீடா?

வாகனத்தின் முன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வீதியைக் கவனிக்கும் ஓட்டுநர் உதவிக் கமராவுக்கு, கண்ணாடி மாற்றிய பின் நேர்த்திசையை மீண்டும் அளவீடு செய்ய வேண்டும். புதிய கண்ணாடியில் கமராவின் பார்வை ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினாலே, 50 மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் விலகுவதால், ஓரமாகச் செல்லும் ஓட்டோவை அது நேர்முன்னே இருப்பதாகக் கருதக்கூடும்.

பலகை முறையில், சமதளமான கராஜில் ரயர்க் காற்றைச் சரிபார்த்து, தயாரிப்பாளர் குறித்த தூரத்திலும் உயரத்திலும் குறிப்பலகையை நிறுத்திக் கமராவுக்கு நேர்த்திசை கற்பிக்கப்படுகிறது. ஓட்ட முறையில், வாகனத்தின் கணினியுடன் ஸ்கேனரை இணைத்து, தெளிவான கோடுகளுள்ள வீதியில் சீரான வேகத்தில் செல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் குறுகிய உள்வீதிகளில் அது கைகூடாது, ஏ9 வீதியிலும் கடும் மழை குழப்பிவிடும்.

எம்முறை என்பதைச் சேவைக் கையேடே தீர்மானிக்கிறது. சில வாகனங்களுக்கு இரண்டும் வேண்டும். தெரிவு இருந்தால் பலகையையே நான் கேட்பேன். பிழைக்குறியை அழித்து எச்சரிக்கை விளக்கை அணைப்பதை மட்டும் ஏற்காதீர்கள். கோணம் தவறிய கமரா விளக்கே எரியாமலும் இயங்கக்கூடும்.